ரெஃபரல் தருவதாகச் சொன்ன நண்பர் பேசாமல் இருந்தால்: மனக்கசப்பில்லாமல் நினைவூட்டும் முறை

"ரெஸ்யூமே அனுப்பு, எங்க கம்பெனியில் நான் போட்டுவிடுறேன்" என்று நண்பர் சொல்கிறார். நாமும் அன்றிரவே அனுப்பிவிடுகிறோம். அவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டும் படம் ஒன்றைப் பதிலாகப் போடுகிறார். அதன் பிறகு ஒரு வாரம் பேச்சே இல்லை. வேலை தேடத் தொடங்கியிருக்கும் புதியவர்கள் பலர் திகைத்து நிற்கும் இடம் இது. மறுபடியும் கேட்டால் நச்சரிப்பாக ஆகிவிடுமோ என்ற தயக்கம் ஒரு பக்கம், கேட்காமலே இருந்தால் அந்த இடம் நிரம்பிவிடுமோ என்ற பதற்றம் மறுபக்கம். அந்த ஒரு வாரத்துக்குப் பிறகு செய்ய வேண்டியதை மட்டும் இந்தக் கட்டுரை வரிசையாகச் சொல்கிறது.

முதலில், நண்பர் எங்கே நின்றிருக்கக்கூடும் என்று அறிதல்

ரெஃபரல் என்பது ரெஸ்யூமேயை யாருக்கோ அனுப்பிவிடும் ஒரு நிமிட வேலை என்றுதான் வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறோம். பல நிறுவனங்களில் அது அப்படி நடப்பதில்லை. நண்பர் தம் நிறுவனத்தின் உள் இணையதளத்தில் நுழைந்து, திறந்திருக்கும் வேலைகளின் பட்டியலில் நமக்குரியதைத் தேடி எடுத்து, நம் பெயரையும் மின்னஞ்சல் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் உள்ளிட்டு, ரெஸ்யூமேயைப் பதிவேற்ற வேண்டும். அதற்கு மேல் சில கேள்விகளும் இருக்கும்: இவரை உங்களுக்கு எப்படித் தெரியும், எவ்வளவு காலமாகத் தெரியும், சேர்ந்து வேலை பார்த்திருக்கிறீர்களா, இந்த வேலைக்கு இவர் ஏன் பொருத்தமானவர்.

இந்தக் கடைசிக் கேள்வியில்தான் பலர் நின்றுவிடுகிறார்கள். கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர், நம் வேலையை நேரில் பார்த்தவர் அல்லர் என்றால், அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவதென்று அவருக்குத் தெரியாது. பொய்யாக எழுதவும் மனம் வராது. "அப்புறம் யோசித்து எழுதலாம்" என்று பக்கத்தை மூடுவார். இந்த "அப்புறம்" எளிதில் ஒரு வாரமாக நீண்டுவிடும்.

இன்னொரு சிக்கல், அந்த உள் இணையதளம் பெரும்பாலும் அலுவலக மடிக்கணினியில் மட்டுமே திறக்கும் என்பது. நம் செய்தியோ அவருடைய கைபேசிக்குப் போகிறது, அதுவும் பெரும்பாலும் இரவிலோ விடுமுறை நாளிலோ. அவர் படிக்கிறார், நாளை அலுவலகத்தில் பார்க்கலாம் என்று நினைக்கிறார், காலையில் அந்தச் செய்தி வேறு ஐம்பது செய்திகளுக்குக் கீழே போயிருக்கிறது. படித்துவிட்டார் என்பதற்கு அடையாளமாக நீலக்குறி விழுந்திருப்பதைப் பார்த்து நாம் இங்கே பொருமிக்கொண்டிருக்கிறோம்.

இவை தவிர, அவர் வெளியே சொல்லச் சங்கடப்படும் காரணங்களும் உண்டு. தகுதிகாண் காலத்தில் இருப்பவர்களுக்கும் ஒப்பந்த ஊழியர்களுக்கும் சில நிறுவனங்கள் பரிந்துரைக்கும் உரிமை தருவதில்லை. ஆளெடுப்பு நிறுத்தி வைக்கப்பட்டிருக்கலாம். அவரே வேறு வேலை தேடிக்கொண்டிருக்கலாம். நம் அனுபவம் அந்த வேலைக்குப் போதாது என்று அவர் நினைக்கவும் இடமுண்டு. இதில் எது உண்மை என்பது நமக்குத் தெரியாது. ஆகவே நினைவூட்டும் செய்தி இந்தக் காரணங்களில் எதுவாக இருந்தாலும் அவர் சிரமமில்லாமல் பதில் சொல்லக்கூடிய வகையில் அமைய வேண்டும். கீழே சொல்லப்போகும் அனைத்தும் இதை ஒட்டியே வருகின்றன.

இரண்டாவதாக, நம் பக்கத்தைச் சரிபார்த்தல்

நண்பர் ஏற்கெனவே பரிந்துரைத்திருக்கக்கூடும் என்பதைப் புதியவர்கள் எண்ணிப் பார்ப்பதே இல்லை. பல அமைப்புகளில் ஊழியர் பரிந்துரைத்தவுடன் விண்ணப்பதாரருக்கு ஒரு தானியங்கி மின்னஞ்சல் வரும். அதிலுள்ள இணைப்பைத் திறந்து விண்ணப்பத்தை நாமே நிறைவு செய்தால்தான் பரிந்துரை முழுமையாகும். அந்த அஞ்சல் நண்பரின் பெயரில் வராது, ஆளெடுக்கும் மென்பொருளின் முகவரியிலிருந்து வரும். எனவே அது ஸ்பேம் பெட்டியிலோ விளம்பரப் பகுதியிலோ போய் விழுவது வழக்கமாக நடப்பதுதான். நண்பர் தம் வேலை முடிந்துவிட்டதென்று அமைதியாக இருப்பார், நாம் அவர் மறந்துவிட்டாரென்று வருந்திக்கொண்டிருப்போம். ஆகவே முதலில் நிறுவனத்தின் பெயரை மின்னஞ்சல் முழுவதிலும், ஸ்பேம் பெட்டி உட்பட, தேடிப் பாருங்கள். ரெஸ்யூமேயில் கொடுத்திருக்கும் முகவரி நீங்கள் அன்றாடம் பார்க்கும் முகவரிதானா என்பதையும் கவனியுங்கள். கல்லூரி முகவரியைக் கொடுத்துவிட்டு அதைத் திறக்காமலே இருப்பவர்கள் உண்டு.

அடுத்து, நாம் அனுப்பியது போதுமானதாக இருந்ததா என்று பழைய செய்தியைத் திறந்து படியுங்கள். வெறும் ரெஸ்யூமேயை மட்டும் அனுப்பி "ஏதாவது இருந்தா பாரு" என்று எழுதியிருந்தால், தேடும் வேலையையும் முடிவெடுக்கும் வேலையையும் சேர்த்து அவர் தலையில் ஏற்றியிருக்கிறோம் என்று பொருள். அவருக்குத் தேவையானவை சிலவே. எந்த வேலை என்பதற்கு அதன் எண், அதாவது அறிவிப்பில் இருக்கும் ஜாப் ஐடி. அந்த அறிவிப்பின் இணைப்பு. பி.டி.எஃப். வடிவில் ரெஸ்யூமே. படிவத்தில் அப்படியே ஒட்டக்கூடிய மூன்று வரிகள். இந்த மூன்று வரிகளும் அவர் நேர்மையாகச் சொல்லக்கூடியவையாக இருக்க வேண்டும் என்பது முக்கியம். சேர்ந்து வேலை பார்த்திராதவர் "இவருடைய பணித்திறனை நான் நேரில் கண்டிருக்கிறேன்" என்று எழுத முடியாது. "கல்லூரியில் நான்கு ஆண்டுகள் ஒன்றாகப் படித்தோம், இறுதியாண்டுத் திட்டத்தில் ஒரே குழுவில் இருந்தோம், தற்போது இன்ன துறையில் மூன்று ஆண்டுகளாகப் பணிபுரிகிறார்" என்று எழுதக் கூச்சமிருக்காது.

கடைசியாக, அந்த அறிவிப்பு இன்னும் திறந்திருக்கிறதா என்று நிறுவனத்தின் இணையதளத்திலேயே பாருங்கள், வேலை அறிவிப்புகளைத் திரட்டித் தரும் தளங்களில் அல்ல. அவற்றில் மூடிய வேலைகளும் சில நாள் தொங்கிக்கொண்டிருக்கும். இதற்கிடையில், பொறுமையிழந்து நேரடியாக விண்ணப்பித்துவிடாதீர்கள். ஏற்கெனவே விண்ணப்பித்தவரின் மின்னஞ்சல் முகவரியைச் சில நிறுவனங்களின் அமைப்பு அடையாளம் கண்டுகொண்டு, பிறகு வரும் பரிந்துரையை ஏற்க மறுக்கும். வேறு சிலவற்றில் ஏற்றுக்கொள்ளும், ஆனால் பரிந்துரைத்தவருக்குக் கிடைக்கவேண்டிய ஊக்கத்தொகை கிடைக்காமல் போகும். எந்த விதி அங்கே நடைமுறையில் இருக்கிறது என்பது நண்பருக்குத்தான் தெரியும் அல்லது அவரால்தான் கேட்டறிய முடியும். இந்த ஒரு விஷயம் நமக்குப் பெரிதும் கைகொடுக்கப்போகிறது.

மூன்றாவதாக, எப்போது, எங்கே அனுப்புவது

அறிவிப்பில் கடைசித் தேதி எதுவும் இல்லையென்றால், அவர் வாக்குக் கொடுத்த நாளிலிருந்து ஐந்து வேலைநாள்கள் விடுங்கள். தேதி இருந்து அது நெருங்கினால் இரண்டு நாளில் கேட்பதிலும் தவறில்லை, காரணத்தைத் தேதியே சொல்லிவிடும். வேலைநாளில், அவர் அலுவலகக் கணினியின் முன் இருக்கக்கூடிய முற்பகல் நேரத்தில் அனுப்புவது நல்லது. முன்பு எங்கே பேசினீர்களோ அங்கேயே, அவருக்கு மட்டும் அனுப்புங்கள். நண்பர்கள் எல்லோரும் இருக்கும் குழுவில் கேட்பது, வேடிக்கையாகக் கேட்டாலும், அவரைப் பலர் முன்னிலையில் நிறுத்துவதாகவே முடியும். அவருடைய அலுவலக மின்னஞ்சலுக்கு, அவர் கேட்காமல், எதையும் அனுப்பாதீர்கள்.

நான்காவதாக, செய்தியை எழுதுதல்

ஓர் எடுத்துக்காட்டை முழுமையாகப் பார்க்கலாம். மென்பொருள் சோதனைப் பணியில் மூன்று ஆண்டு அனுபவமுள்ள ஒரு பெண் தம் கல்லூரித் தோழியிடம் ரெஃபரல் கேட்டிருக்கிறார். தோழி செவ்வாய்க்கிழமை மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டு ரெஸ்யூமேயை வாங்கிக்கொண்டார். அடுத்த செவ்வாய் வந்துவிட்டது, பதில் இல்லை. மின்னஞ்சலில் தேடியும் எதுவும் கிடைக்கவில்லை, அறிவிப்பு இன்னும் திறந்தே இருக்கிறது, வரும் திங்கள்கிழமை கடைசி நாள். அவர் முதலில் எழுதிப் பார்த்த செய்தி இது:

"ஹாய், பிஸியா இருப்பேன்னு தெரியும். அன்னைக்கு ரெஃபரல் பண்றேன்னு சொன்னியே, மறந்துட்டியா? முடியலன்னா பரவாயில்ல, நானே பாத்துக்கிறேன்."

இதில் கடுஞ்சொல் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் படிப்பவருக்குச் சுருக்கென்று இருக்கும். "சொன்னியே" என்பதிலுள்ள ஏகாரம் குற்றஞ்சாட்டுகிறது. "மறந்துட்டியா" என்ற கேள்விக்கு ஆமாம் என்றாலும் சங்கடம், இல்லை என்றாலும் அதைவிடச் சங்கடம், ஏனென்றால் மறக்கவில்லையென்றால் ஏன் செய்யவில்லை என்ற அடுத்த கேள்வி உடனே எழும். "பரவாயில்ல, நானே பாத்துக்கிறேன்" என்று நம்மவர்கள் சொல்லும்போது பரவாயில்லை என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை. "பிஸியா இருப்பே" என்ற தொடக்கமும் அதன் பின்னால் இத்தனை வந்து நிற்பதால் பொய்யாகத் தெரிகிறது. இதையெல்லாம் விடப் பெரிய குறை, தோழி இப்போது என்ன செய்ய வேண்டும் என்பது இச்செய்தியில் எங்கேயும் இல்லாததுதான். அவர் பழைய உரையாடலில் மேலே போய் ரெஸ்யூமேயைத் தேட வேண்டும், எந்த வேலை என்று யோசிக்க வேண்டும், அதற்கு முன் மன்னிப்பும் கேட்க வேண்டும். இத்தனையும் செய்வதைவிட, இரவில் விரிவாகப் பதில் எழுதலாம் என்று மறுபடியும் தள்ளிப்போடுவது எளிது.

அவர் பிறகு மாற்றி எழுதி அனுப்பியது இது:

"அந்த டெஸ்டிங் வேலைக்கு வர்ற திங்கள்தான் கடைசி நாள்னு உங்க கம்பெனி சைட்ல பார்த்தேன். உனக்குத் தேட வேண்டாம்னு ஜாப் ஐடி, லிங்க், ரெஸ்யூமே, ஃபார்ம்ல போட மூணு வரி எல்லாம் கீழ மறுபடி அனுப்பியிருக்கேன். ஒரு சந்தேகம்: நான் நேரா அப்ளை பண்ணிட்டா உங்க சிஸ்டம் அப்புறம் ரெஃபரலை எடுத்துக்குமா? எடுத்துக்காதுன்னா வெள்ளி வரைக்கும் நான் அப்ளை பண்ணாம இருக்கேன். இப்போதைக்கு அங்க ரெஃபர் பண்றது தோதுப்படலன்னாலும் சொல்லு, நான் நேராவே போட்டுடறேன்."

இந்தச் செய்தி நடந்துபோன ஒரு வாரத்தைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை என்பதைக் கவனியுங்கள். மறுபடி எழுதுவதற்குக் காரணமாக அது காட்டுவது வேலையின் கடைசித் தேதியை. அந்தக் காரணம் உண்மையானதாக இருக்க வேண்டும். இல்லாத தேதியைக் கற்பித்தால் தோழி தம் தளத்தில் பார்த்தவுடனே தெரிந்துவிடும். தேதியே இல்லாத வேலையென்றால், "அறிவிப்பு இன்னும் ஓபனா இருக்குன்னு இன்னைக்குப் பார்த்தேன்" என்பதே போதுமான காரணம்.

நடுவில் வரும் கேள்விதான் இச்செய்தியின் உயிர். அதற்குத் தோழி மட்டுமே பதில் சொல்ல முடியும், ஒரு வரியில் சொல்ல முடியும், பதில் சொல்வதற்கு மன்னிப்புக் கேட்கத் தேவையில்லை. அதற்கான விடையைத் தேடி அவர் உள் தளத்தைத் திறந்தால், பரிந்துரைப் படிவமும் அங்கேயேதான் இருக்கிறது. கேட்பவருக்கும் இந்த விடை உண்மையாகவே தேவைப்படுகிறது என்பதால் இதில் தந்திரம் எதுவும் இல்லை.

வெள்ளிக்கிழமை என்ற எல்லை மிரட்டலாகத் தோன்றாதா என்று சிலர் கேட்பார்கள். "வெள்ளிக்குள்ள பண்ணிடு" என்றால் தோன்றும். "வெள்ளி வரை நான் காத்திருக்கிறேன்" என்பது நாம் செய்யப்போவதைப் பற்றியது. அவருக்கு ஒரு தகவல் கிடைக்கிறது, நமக்கும் எதுவரை காத்திருப்பது என்று தெரிந்துவிடுகிறது. மனக்கசப்பு வளர்வதற்குப் பெரும்பாலும் முடிவில்லாத காத்திருப்புதான் காரணம் என்பது என் எண்ணம். ஒரு நாளை நாமே குறித்துக்கொண்டால், அவர் பேசாமல் இருப்பதைப் பொறுத்துக்கொள்வதும் எளிதாகிறது.

கடைசி வரியில் "முடியலன்னா" என்று எழுதாமல் "அங்க தோதுப்படலன்னா" என்று எழுதியிருப்பதும் யோசித்துச் செய்ததே. ஆளெடுப்பு நின்றிருந்தாலும், அவருக்கு உரிமை இல்லாவிட்டாலும், நம்மைப் பரிந்துரைக்க அவருக்கே மனமில்லாவிட்டாலும், இந்த ஒரே வாசல் வழியாக அவர் கௌரவமாக வெளியே வரலாம். காரணம் கேட்க மாட்டோம் என்பதும் அதில் அடங்கியிருக்கிறது. அப்படி அவர் வந்தால் உண்மையிலேயே கேட்காதீர்கள்.

வயதிலோ பதவியிலோ மூத்தவர் ஒருவர் வாக்குத் தந்திருந்தாலும் அமைப்பு இதேதான். "நீங்க" என்று விளித்து, "ஒரு சந்தேகம் கேட்டுக்கலாமா" என்று தொடங்கினால் போதும். மரியாதைக்காகச் செய்தியை நீட்டாதீர்கள். நீளமான செய்திக்கு நீளமான பதில் எழுத வேண்டுமோ என்றே பெரியவர்களும் தள்ளிப்போடுகிறார்கள்.

ஐந்தாவதாக, வரும் பதிலைக் கையாளுதல்

"ஐயோ சாரி, இன்னைக்கே போட்டுடறேன்" என்று பதில் வந்தால், "அதெல்லாம் ஒண்ணுமில்ல, தேங்க்ஸ்" என்பதோடு நிறுத்துங்கள். மாலையில் "போட்டாச்சா?" என்று கேட்க வேண்டாம். மின்னஞ்சல் வந்தால் உங்களுக்கே தெரிந்துவிடும்.

"போட்டுட்டேனே" என்று பதில் வந்து, உங்களுக்கு எந்த அஞ்சலும் வரவில்லையென்றால், அவரை நம்பாதது போன்ற தொனி வராமல், "நீ எந்த மெயில் ஐடி கொடுத்தேன்னு ஒரு தடவை பாத்துச் சொல்றியா, எனக்கு லிங்க் எதுவும் வரல" என்று கேளுங்கள். முகவரியில் ஓர் எழுத்து மாறியிருப்பதும், பழைய ரெஸ்யூமேயிலிருந்த முகவரி போயிருப்பதும் உண்டு. சில நிறுவனங்களில் அப்படி அஞ்சலே வராது, ஆளெடுப்பவர் தேவைப்பட்டால் நேரே அழைப்பார். அதையும் அவரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். "எச்.ஆர். கிட்ட ரெஸ்யூமே கொடுத்திருக்கேன்" என்று சொன்னால், அது உள் தளத்தில் பதிவான பரிந்துரையாக இருக்க வேண்டுமென்பதில்லை. அந்த நிலையில் "அப்போ நான் சைட்லயும் அப்ளை பண்ணிடவா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு விண்ணப்பித்துவிடுவதே பாதுகாப்பு.

"பாக்கறேன்" என்று மட்டும் பதில் வந்தால் அதை ஒப்புதலாகவும் எடுக்க வேண்டாம், மறுப்பாகவும் எடுக்க வேண்டாம். நீங்கள் சொன்ன வெள்ளிக்கிழமை வரை காத்திருங்கள்.

பரிந்துரை பதிவான பிறகு விண்ணப்பத்தின் நிலவரத்தை நண்பரிடம் அடிக்கடி விசாரிப்பது இன்னொரு சங்கடத்தின் தொடக்கம். பரிந்துரைத்தவருக்குப் பெரும்பாலும் "பரிசீலனையில்" என்பது போன்ற ஒரு சொல்தான் திரையில் தெரியும், அதற்கு மேல் அவருக்கும் தெரியாது. இரண்டு வாரம் கழித்து ஒரு முறை கேட்கலாம்.

பதிலே வராவிட்டால்

வெள்ளிக்கிழமை முடிந்தும் மௌனம் நீடித்தால், சொன்னபடியே நேரடியாக விண்ணப்பித்துவிடுங்கள். கடைசித் தேதி இல்லாத வேலையாக இருந்தால் மட்டும், முதல் நினைவூட்டலிலிருந்து ஒரு வாரம் பத்து நாள் கழித்து இன்னொரு சிறு செய்தி அனுப்பலாம்; அதற்கு மேல் அந்த வேலைக்காக அவரிடம் கேட்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். விண்ணப்பப் படிவத்தில் "உங்களைப் பரிந்துரைத்தவர் யார்" என்ற கட்டம் இருக்கலாம். அவர் வெளிப்படையாகச் சம்மதம் சொல்லாதவரை அங்கே அவருடைய பெயரைப் போடக் கூடாது. ஆளெடுப்பவர் அவரை அழைத்து விசாரித்தால், அவர் எதிர்பாராத நேரத்தில் நமக்காகப் பதில் சொல்ல வேண்டிய நிலை வரும்.

விண்ணப்பித்த பின் அவருக்கு ஒரு வரி அனுப்புங்கள்: "நேராவே அப்ளை பண்ணிட்டேன், அதனால இதை நீ மனசுல வெச்சுக்க வேண்டாம்." இப்படித் தெரிவிப்பதற்கு நடைமுறைக் காரணமும் உண்டு. தெரியாமல் அவர் மறுநாள் பரிந்துரைக்க முயன்றால், அமைப்பு ஏற்காமல் போய், நாம் அவரிடம் மறைத்துவிட்டதாகத் தோன்றும். இந்த வரியில் முகத்தைத் தொங்கப்போட்ட படமோ பெருமூச்சோ சேர்க்காதீர்கள். அடுத்த சில நாள்களில் அவர் பிறந்தநாளோ வேறு நல்ல செய்தியோ வந்தால் வழக்கம்போல வாழ்த்துங்கள், அந்த வாழ்த்தோடு வேலைப் பேச்சைச் சேர்க்காமல்.

சில வாரம் கழித்து அவரே திரும்பி வந்து "அப்போ ரொம்ப நெருக்கடி, இப்போ போடட்டுமா?" என்று கேட்பதும் நடக்கும். ஏற்கெனவே விண்ணப்பித்தவரின் பெயரோடு பரிந்துரையை இணைக்க அவருடைய அமைப்பு இடம் தருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இடம் தரவில்லையென்றால், விண்ணப்ப எண்ணை அவரிடம் கொடுத்து, ஆளெடுப்பவருக்கு ஒரு வரி எழுத முடியுமா என்று கேட்கலாம். அந்த வேலை மூடியிருந்தால் அதே நிறுவனத்தில் பொருந்துகிற வேறொரு வேலையின் எண்ணை, மூன்று வரிகளையும் அதற்கேற்ப மாற்றி, அன்றே அனுப்பிவிடுங்கள்.